சின்னமனூரில் துபாய் மணி

என் வீட்டுக்காரருக்குக் கடிகாரம் என்றால் உயிர். எனக்கு அது சுவரில் இருந்தால் போதும். முப்பது வருஷமாக இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் ஒத்துப்போனதில்லை, இனியும் போகிற எண்ணமில்லை.

துபாயில் இருக்கும் மகன் எங்களை ஒரு மாதம் அழைத்து வைத்துக்கொண்டான். கட்டடங்களைக் காட்டினான், கடலைக் காட்டினான், கடைசியில் அப்பாவைக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டான். எனக்கு ஒரு மிக்சி. மிக்சிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மிக்சிதான். ஆனால் அந்த வாட்ச் வந்த நாளிலிருந்து வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் குடிவந்த மாதிரி ஆகிவிட்டது. நடந்தால் எத்தனை அடி என்றது. உட்கார்ந்தால் எழுந்திரு என்றது. இவரோ நான் எழுந்திரு என்றால் காதிலேயே வாங்காதவர், அது சொன்னதும் எழுந்து நின்றார்.

"இது போன்லருந்து மணி வாங்குது. போனு டவர்லருந்து வாங்குது. தப்பாப் போக வழியே கெடையாது" என்று துபாயிலேயே எனக்குப் பாடம் நடத்திவிட்டார். பாதிதான் சரி. மிச்சப் பாதிதான் இந்தக் கதை.

ஊர் திரும்பிய நாள் வெள்ளிக்கிழமை. காலையில் மதுரையில் இறங்கி, வாடகைக் காரில் சின்னமனூர் வீட்டுக்குப் போகிற வழியில் தேனியில் ஒரு வேலை இருந்தது. என் நாத்தனாரின் இளைய மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீராகப் பட்டுச் சேலை எடுக்க வேண்டும்.

அந்த நாத்தனாரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவருக்கு ஒரே தங்கை, வீரபாண்டியில் வாழ்க்கைப்பட்டவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மூத்த மகள் கல்யாணத்தில் முகூர்த்தக்கால் ஊன்றும்போது நாங்கள் போய்ச் சேர நேரமாகிவிட்டது. அவர்கள் வீட்டு வழக்கப்படி கால் ஊன்றும் குழியில் முதலில் பால் ஊற்றுவது பெண்ணின் தாய்மாமன் கைதான். நல்ல நேரம் தாண்டுகிறதே என்று பங்காளி முறையில் ஓர் அண்ணனை ஊற்றச் சொல்லிவிட்டார்கள். "காத்திருக்கல" என்று இவருக்குக் கோபம். "நேரத்துக்கு வரல" என்று அவளுக்குக் கோபம். அன்றோடு பேச்சு நின்றது. இந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கக்கூட அவள் வரவில்லை, அவள் புருஷன், எங்கள் வீட்டு மாப்பிள்ளைதான் வந்து தாம்பூலம் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணனும் தங்கையும் நேராக ஒரு வார்த்தை பேசி மூன்று வருஷம். இவர் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் துபாயில் எந்தக் கடைக்குப் போனாலும் "இது அவளுக்குப் பிடிக்கும்" என்று எதையாவது தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். எனக்குப் பாவமாக இருக்கும்.

தேனியில் ஜவுளிக்கடை வாசலில் கார் நின்றது. இவர் வாட்சைப் பார்த்தார், ஒரே பதற்றம்.

"எறங்கு, எறங்கு! மணி பத்து இருபது. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பில்லப் போட்டுறணும்."

என் போன் சார்ஜ் இல்லாமல் கைப்பைக்குள் செத்துக் கிடந்தது. ராத்திரி விமானத்தில் வந்த கண் எரிச்சலில் எனக்கு வெயில் ஏறியதும் தெரியவில்லை. ஓடினோம். சேலையைப் பிரித்துப் பார்க்கக்கூட விடவில்லை அந்த மனிதர். அரக்கு நிறத்தில் மாம்பழ நிறக் கரை போட்டது ஒன்று கண்ணில் பட்டது, எடுத்தோம், ஓடிப்போய்ப் பணம் கட்டினார். கட்டி முடித்து, "பாத்தியா, ரெண்டு நிமிஷம் மிச்சம்" என்று நெற்றியைத் துடைத்தார்.

பணம் வாங்கியவரின் தலைக்கு மேலே பெரிய சுவர்க்கடிகாரம். அதில் மணி பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிஷம்.

துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ராகு காலமும் அதே ஒன்றரை மணி நேரம்தான். வாட்ச் துபாய் மணியையே காட்டிக்கொண்டிருந்ததால், ராகு காலம் பிறப்பதற்குள் என்று ஓடிய மனிதர் அது முடிகிற கடைசி இரண்டு நிமிஷத்தில் சரியாகப் பணத்தைக் கட்டியிருக்கிறார். ஒரு டீ குடித்துவிட்டு நிதானமாகப் போயிருந்தால்கூட நல்ல நேரம் தானாக வந்திருக்கும். நான் கடை வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் டிரைவர் இறங்கி வந்து தண்ணீர் பாட்டில் நீட்டினார்.

"இத யார்ட்டயும் சொல்லிராத. முக்கியமா அவகிட்ட" என்றார் இவர். அவள் என்றால் தங்கை. பஞ்சாங்கம் பார்க்காமல் பால்கூட உறைக்கு ஊற்றமாட்டாள்.

காரில் ஏறியதும் போனை எடுத்தார். செட்டிங்ஸுக்குள் போய் மணியை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார். கொஞ்ச நேரத்தில் வாட்சும் அதையே காட்டியது.

"அம்புட்டுத்தான். இதுக்கு ஒரு கடைக்காரன், ஒரு மெக்கானிக்குன்னு அலையணுமா?" என்றார். சுவர்க்கடிகாரமும் வாட்சும் ஒன்றாகிவிட்டன, நானும் சரி என்று விட்டுவிட்டேன். ரிப்பேர் முடிந்ததாகத்தான் நினைத்தோம்.

வீட்டுக்கு வந்தபின் வாட்சில் இன்னொரு வசதியைக் கண்டுபிடித்தார். விரலால் பக்கவாட்டில் தள்ளினால் நமக்கு வேண்டிய ஊரின் மணி வரும். துபாயைப் போட்டுக்கொண்டார். "இனிமே அவனுக்கு எப்பப் போன் போடணும்னு யோசிக்கவே வேண்டாம்."

மறுநாள் காலையிலிருந்து மகனுக்கு நேரம் பார்த்துப் போன் போட ஆரம்பித்தார். அவன் தூக்கக் கலக்கத்தில், "அப்பா... இன்னும் விடியவே இல்லப்பா" என்று முனகிவிட்டு வைத்துவிடுவான்.

"ஏழரை மணியாச்சு, இன்னும் படுத்துக் கெடக்கான் பாரு. நாம வந்தப்புறம் சோம்பேறியாயிட்டான்" என்று என்னிடம் புகார். நானும் என் பங்குக்கு, "நீங்க வளத்த லட்சணம்" என்றேன்.

இன்னொரு புகார் சிக்னலைப் பற்றி. யார் மெசேஜ் அனுப்பினாலும் இவருக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. சின்னமனூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் கூட்டாளி, "மார்க்கெட்ல நிக்கிறேன், வர்றியா" என்று அனுப்பினால், அனுப்பிய நேரம் ஒன்பது என்று இருக்கும், இவர் போன் டிங் என்று அடிக்கும்போது பத்தரை. "மேகமலைதான் மறைக்குது. டவர எங்கன நட்டு வச்சிருக்கானுவ பாரு" என்று மலையைத் திட்டினார். அந்த மலை எங்கள் போன்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கேதான் நிற்கிறது, அதுவரை ஒரு மெசேஜையும் மறைத்ததில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஊறுகாய் போடுகிற மும்முரத்தில் விட்டுவிட்டேன்.

புதன்கிழமை வந்தது. அன்றைக்கு முகூர்த்தக்கால் என்று மாப்பிள்ளை ஏற்கெனவே சொல்லியிருந்தார். நேரம் மட்டும் ஜோசியரிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார், அப்புறம் சத்தமில்லை. இவர் காலையிலேயே குளித்து வெள்ளை வேட்டி சட்டையோடு ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார், போனை மடியில் வைத்துக்கொண்டு. கேட்டால், "சும்மாத்தான், காத்து வாங்குறேன்" என்றார். காற்று வாங்க யாராவது புதுச் சட்டை போடுவார்களா?

நான் சமையல்கட்டில் இருந்தேன். டிங் என்று சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஊஞ்சல் சங்கிலிச் சத்தமும் நின்றுபோனது. அதுதான் என்னவோ செய்தது, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

முகம் கறுத்துப் போயிருந்தது. போனை என் பக்கம் நீட்டினார். மூன்று வருஷம் கழித்துத் தங்கை நேராக அவருக்கு அனுப்பிய முதல் செய்தி.

"அண்ணே இன்னும் ஒரு மணி நேரத்துல கால் ஊன்றணும். பால நீங்கதான் ஊத்தணும். வாங்கண்ணே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கெளம்புங்க, என்ன உக்காந்திருக்கீக!" என்றேன்.

"எங்க கெளம்ப? நேரத்தப் பாரு. எட்டு நாப்பதுக்கு அனுப்பிருக்கா. இப்ப மணி பத்து பத்து. ஒம்போது நாப்பதுக்கே எல்லாம் முடிஞ்சு போயிருக்கும். நான் வரலன்னு தெரிஞ்சும் ஒரு போன் போட்டுக் கேக்கல பாத்தியா? அண்ணனக் கூப்புட்டேன்னு பேருக்கு ஒரு மெசேஜு. திரும்ப அந்தப் பங்காளிதான் ஊத்திருப்பான்."

சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம். தங்கை மேலா, இவர் மேலா, அந்தக் கைக்கடிகாரத்தின் மேலா என்று எனக்கே தெரியவில்லை. மூன்று வருஷமாக இந்த வீட்டில் ஒரு நல்ல நாளும் முழுசாக நல்ல நாளாக இருந்ததில்லை. தீபாவளிப் பலகாரம் செய்தால் வீரபாண்டிக்கு ஒரு டப்பா எடுத்து வைப்பேன், அது இங்கேயே கிடந்து காறலடித்துப் போகும். இன்றைக்கும் இப்படி முடிந்தால் இனி ஒட்டவே ஒட்டாது.

கோபத்தோடு திரும்பி நாட்காட்டியைப் பார்த்தேன். அதில்தான் பிடி கிடைத்தது. புதன்கிழமை. ஏழரையிலிருந்து ஒன்பது எமகண்டம்.

"ஏங்க, அவ எட்டு நாப்பதுக்கு அனுப்புனான்னா சொல்றீக?"

"போட்டிருக்கே, கண்ணு தெரியலயா?"

"எமகண்டத்துல உங்க தங்கச்சி தும்மக்கூட மாட்டா. கால் ஊன்றக் கூப்புடுற மெசேஜ எமகண்டத்துலயா அனுப்புவா?"

பொத்தானில் இருந்த கை நின்றது. அந்த நியாயம் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது, கூடப் பிறந்தவர் அல்லவா.

உள்ளே ஓடி என் போனை எடுத்துவந்தேன். என் போனில் யாரையும் நான் கைவைக்க விடுவதில்லை, துபாயில் மகனைக்கூட விடவில்லை. ஒரு மாதமும் அது நம்மூர் மணியைத்தான் காட்டியது, நானும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டேன். குடும்பக் குழுவில் நாத்தனார் ஒரு படம் போட்டிருந்தாள். மஞ்சள் துணி கட்டிய மூங்கில் கால், பக்கத்தில் தோண்டிய குழி, வெறுங்குழி. என் போனில் அந்தப் படத்தின் கீழே பத்து பன்னிரண்டு என்று இருந்தது. இவர் போனில் அதே படம், எட்டு நாற்பத்திரண்டு.

இரண்டு போன்களையும் ஊஞ்சல் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேலே ஓடுகிற மணி இரண்டிலும் ஒன்றுதான். செய்தியின் மணி மட்டும் ஒன்றரை மணி நேரம் விலகி நின்றது.

"வாட்ச்சுல துபாய் மணியக் காட்டுங்க" என்றேன். விரலால் தள்ளினார். துபாயிலும் சின்னமனூரிலும் ஒரே மணி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் மகனுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை அவன் முழித்திருந்தான், ஆபீஸ் போகிற வழியில் இருந்தான்.

நான் சொல்லச் சொல்ல அவன், "ஐயோ, ஐயோ" என்றான். "அம்மா, தப்பு என் மேலதான். அப்பா சிம்முக்கு இங்க ரோமிங் இல்லல்ல, டவர்லருந்து மணி வரல. அதுனால தானா மாறுற சுவிட்ச அணைச்சுட்டு, நானே கையால ஊர துபாய்னு போட்டேன். நீங்க கெளம்புறப்ப திருப்பிப் போட மறந்துட்டேன். ஆனா வாட்ச்சுல மணி சரியாத்தான ஓடுதுன்னீக?"

"உங்கப்பா தள்ளி வச்சாரு."

"மணியத் தள்ளக் கூடாதும்மா! ஊரத்தான் மாத்தணும். அப்பா போனு இன்னும் துபாய்லதான் இருக்கு. மெசேஜ் எப்ப வந்தாலும் அது துபாய்க் கணக்குலதான் நேரம் போடும். வாட்ச்சு போனு சொல்றத அப்புடியே கேக்கும்."

இவருக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். மகன் சொல்லச் சொல்ல, செட்டிங்ஸில் தேதி, நேரம் என்ற இடத்துக்குப் போனோம். நேரத்தைத் தானாக எடுக்கும் சுவிட்ச் அணைந்து கிடந்தது. ஊரைத் தானாக எடுக்கும் சுவிட்சும் அப்படியே. கீழே துபாய் என்று எழுதியிருந்தது. இரண்டையும் போட்டுவிட்டேன். துபாய் அழிந்து இந்திய நேரம் என்று வந்தது. மேலே ஓடிய மணியில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் செய்திக்குள் போய்ப் பார்த்தால் தங்கையின் வார்த்தைகளுக்குக் கீழே எட்டு நாற்பது போய்ப் பத்து பத்து உட்கார்ந்திருந்தது.

வாட்ச் கொஞ்சம் மெதுவாகத்தான் விழித்துக்கொண்டது. பெரிய மணி அப்படியே பத்தரை. விரலால் தள்ளினால் துபாய் ஒன்பது.

"அப்பா, அதான் விடிகாலையில என்ன எழுப்பி உசுர வாங்குனீகளா?" என்று கேட்டான் மகன். பதில் சொல்ல இவர் அங்கே இல்லை. பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், அதைச் சொன்னால் நின்று திருத்துவார் என்று நான் சொல்லவில்லை.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, மேளச் சத்தத்தில் யார் காதில் விழும்? சேலைப் பையை மடியில் வைத்துப் பின்னால் ஏறிக்கொண்டேன். சீலையம்பட்டி தாண்டியது. இவர் தலையைத் திருப்பாமல், "ஊத்திருப்பாகளோ?" என்றார். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன். எனக்கும் அதே பயம்தான்.

வீரபாண்டியில் மண்டபத்தின் முன்னால் பந்தல். மேளம் நின்றிருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கூட்டத்தில் பெரியவர்கள் சிலர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். "பன்னெண்டுக்கு ராகு காலம் பெறக்கப் போகுதும்மா, இன்னும் எம்புட்டு நேரம்?" என்று ஒருவர் கேட்டது காதில் விழுந்தது.

குழியருகில் நாத்தனார் நின்றாள், கையில் பால் சொம்பு. நின்ற நிலையைப் பார்த்தால் வெகுநேரமாக அப்படியே நிற்கிறாள் என்று தெரிந்தது. குழி காய்ந்து கிடந்தது. மூங்கில் கால் சுவரில் சாய்ந்திருந்தது.

பைக்கை நிறுத்தக்கூட இல்லை, என் கையில் விட்டுவிட்டு இவர் நடந்தார். அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் சிரிக்கவா அழவா என்று தடுமாறிவிட்டு, கடைசியில் கோபத்தைப் பிடித்துக்கொண்டது.

"மெசேஜ் போட்டா ஒடனே பாக்க மாட்டீகளாண்ணே?"

"பாத்தேன்த்தா. பாத்துட்டு..." என்று தொடங்கியவர் மணிக்கட்டை நீட்டினார். "இது துபாய்லயே இருந்துச்சு."

அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் சிரித்துவிட்டாள். சொம்பை அண்ணன் கையில் கொடுத்தாள். இவர் குனிந்து ஊற்றினார், அவசரத்தில் பாதிப் பால் வாட்சின் மேல் வழிந்தது. மேளம் கிளம்பியது. கால் நின்றது. எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன்.

சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மதினி, ஜோசியர் பதினொண்ணுக்குத்தான் கால் ஊன்றச் சொன்னாரு. அது தாண்டியாச்சு, ஆரம்பிங்க ஆரம்பிங்கன்னு எல்லாரும் பிடுங்கி எடுத்துட்டாக. மெசேஜ் போட்டுட்டேன், ஆனா அண்ணனுக்குப் போன் போடப் பயமா இருந்துச்சு. எடுக்காமப் போயிட்டாருன்னா நான் எங்கன போயி அழுக? அதான் சொம்ப வச்சுக்கிட்டு நின்னுட்டேன்."

எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் இலையிலிருந்து கையை எடுத்தார். மனசு நிறைந்தால் இந்த மனிதருக்கு வாய் நிற்காது. நான் கண்ணைக் காட்டியும் கேட்காமல், "ஆத்தா, ஒண்ணு சொல்லணும். உம்மகளுக்குச் சீருச் சேலைய ராகு காலத்துல எடுத்துட்டேன்" என்று எல்லாவற்றையும் உளறிவிட்டார், கடை, ஓட்டம், சுவர்க்கடிகாரம், கடைசி இரண்டு நிமிஷம் வரை.

பஞ்சாங்கம் பார்க்காமல் பால்கூட உறைக்கு ஊற்றாத அந்த நாத்தனார் சேலையை என் மடியிலிருந்து எடுத்துப் பிரித்தாள். கரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லாயிருக்குண்ணே" என்றாள். "நீங்க வந்த நேரந்தான் எனக்கு நல்ல நேரம்."